ஃபேமிலி ஃப்ளோட்டரா, ஆளுக்கொரு காப்பா? பல உறுப்பினர் டிஸ்கவுன்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் முழு வழிகாட்டி

போன வருஷம் தங்கை வீட்டுக்குத் தஞ்சாவூர் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை மருத்துவக் காப்பீட்டுக்கான இரண்டு கொட்டேஷன் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "மச்சான், ஏஜென்ட் சொல்றார், அஞ்சு பேருக்கும் தனித்தனியா எடுத்தா பத்து பர்சன்ட் குறையுமாம். ஆளுக்குப் பத்து லட்சம் கவரேஜ். இதுதானே நல்லது?"

"எதுல இருந்து பத்து பர்சன்ட் குறையுது, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. தாளிலும் இல்லை.

மருத்துவக் காப்பீட்டு ஆலோசனையில் பல வருஷமாக இருக்கிறேன். இந்த விஷயத்தில் குழப்பம் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பல உறுப்பினர் டிஸ்கவுன்ட், வீட்டுக்கே ஒரே காப்பாக எடுக்கும் ஃப்ளோட்டரின் விலையிலிருந்து குறைவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் போட்ட பிரீமியங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து குறைகிறது. அந்தக் கூட்டுத்தொகை முதலிலேயே ஃப்ளோட்டரைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கலாம். ஆகவே சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. உங்கள் வீட்டு வயதுகளை வைத்து ரூபாயாகக் கணக்குப் போட்டாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை மாப்பிள்ளை வீட்டுக் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

ஃப்ளோட்டரில் வீட்டுக்கே ஒரு காப்புத்தொகைதான். பத்து லட்சம் என்றால் அந்த ஆண்டு முழுக்க எல்லாருக்கும் சேர்த்துப் பத்து லட்சம். அப்பாவுக்கு ஆறு லட்சம் செலவானால் மீதி நால்வருக்கும் மிஞ்சுவது நான்கு லட்சம். தனித்தனிக் காப்பில் ஆளுக்குப் பத்து லட்சம். ஒருவர் செலவழித்தது இன்னொருவரைத் தொடாது. அதேபோல ஒருவர் காப்பில் மிச்சம் இருப்பதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

தனித்தனி என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஐந்து பேருக்கு ஐந்து பாலிசி எண்கள், ஐந்து புதுப்பிப்புத் தேதிகள் என்று எடுப்பது ஒன்று. ஒரே பாலிசி எண்ணுக்குள் ஐந்து பேரையும் போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் தனிக் காப்புத்தொகை எழுதுவது இன்னொன்று. டிஸ்கவுன்ட் பொதுவாக இரண்டாவது வகைக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவன், மனைவி, மகன் மூவருக்கும் வெவ்வேறு மாதங்களில் தனித்தனிப் பாலிசி எழுதிக்கொடுத்திருந்தார்கள். நான்கு வருஷம் கழித்து ஒருநாள் பாலிசியின் விவரத் தாளான ஷெட்யூலைப் பார்த்தபோதுதான், டிஸ்கவுன்ட் என்ற வரியே எதிலும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. வாய்வார்த்தையில் சொன்னது தாளில் ஏறவே இல்லை. அதனால் கொட்டேஷன் கேட்கும்போதே "ஒரே பாலிசியில், தனித்தனி சம் இன்ஷூர்டாக" என்று சொல்லிக் கேளுங்கள்.

படி 1: வயதையும் நோயையும் எழுதுங்கள்

ஒரு தாளில் வீட்டில் உள்ளவர்களின் வயதை எழுதுங்கள். பாலிசி தொடங்கும் தேதியில் நிறைவடைந்திருக்கும் வயதைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். மாப்பிள்ளைக்கு 38, தங்கைக்கு 35, மகளுக்கு 9, மகனுக்கு 5, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு 64. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதில் பார்க்க வேண்டியது மூத்தவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை. நிறைய ஃப்ளோட்டர் திட்டங்கள் வீட்டில் மூத்தவர் வயதை வைத்தே விலை போடுகின்றன. மூத்தவர் 38 என்றால் 36 முதல் 40 வரையிலான வயது வரிசையில் விலை, 64 என்றால் 61 முதல் 65 வரையிலான வரிசையில் விலை. சில திட்டங்கள் ஒவ்வொருவர் வயதுக்கும் விலை போட்டு, அந்தக் கூட்டுத்தொகையில் ஃப்ளோட்டர் கழிவு கொடுக்கின்றன. உங்கள் திட்டம் எந்த வகை என்று அந்த நிறுவனத்தின் ப்ராஸ்பெக்டஸில் உள்ள பிரீமியம் அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அட்டவணையின் தலைப்பில் "மூத்த உறுப்பினர் வயது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் முதல் வகை.

படி 2: ஒரே திட்டத்துக்கு இரண்டு விலை வாங்குங்கள்

ஒரு நிறுவனத்தின் ஃப்ளோட்டரையும் இன்னொரு நிறுவனத்தின் தனிக் காப்பையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு எதையும் சொல்லாது. ஒரே நிறுவனம், ஒரே திட்டம், ஒரே காப்புத்தொகை, ஒரு வருஷ காலம், கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் ரைடர் எதுவும் இல்லாமல் இரண்டு வகையிலும் விலை வாங்குங்கள்.

வரியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஃப்ளோட்டரும் அதில் அடக்கம். அதற்கு முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய ஃப்ளோட்டர் ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு புதிய தனிக் காப்பு கொட்டேஷனோடு ஒப்பிட்டால் ஃப்ளோட்டரின் விலை உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அடிப்படைப் பிரீமியம் 22,000 ரூபாய் என்றால் பழைய ரசீதில் 25,960 என்று இருக்கும். வரிக்கு முந்தைய தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் பிரீமியத் தொகைகள் எந்த நிறுவனத்தின் அட்டவணையும் அல்ல. கணக்கு போகும் வழி புரிவதற்காக முழு எண்களாக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் அட்டவணையில் இருக்கும் தொகைகளை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

| பத்து லட்சம் காப்பு | ஓராண்டு பிரீமியம் (ரூபாய்) |
|---|---|
| மாப்பிள்ளை, 38 | 11,000 |
| தங்கை, 35 | 10,000 |
| மகள், 9 | 6,500 |
| மகன், 5 | 6,500 |
| அம்மா, 64 | 34,000 |
| நால்வர் ஃப்ளோட்டர், மூத்தவர் 38 | 22,000 |
| ஐவர் ஃப்ளோட்டர், மூத்தவர் 64 | 74,000 |

படி 3: டிஸ்கவுன்ட்டை ரூபாயாக மாற்றுங்கள்

இரண்டு பேருக்கு 5 சதவீதம், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல திட்டங்களில் இந்த அளவில்தான் இருக்கும். ஆனால் எத்தனை பேர் சேர்ந்தால் எவ்வளவு என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

அம்மாவை விட்டுவிட்டு நால்வரை மட்டும் முதலில் பார்ப்போம். தனித்தனியாகக் கூட்டினால் 34,000. பத்து சதவீதம் கழித்தால் 30,600. ஃப்ளோட்டர் 22,000. டிஸ்கவுன்ட்டுக்குப் பிறகும் தனிக் காப்பு 8,600 ரூபாய் அதிகம். இளவயதுக் குடும்பத்தில் எப்போதும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஏனென்றால் ஃப்ளோட்டரில் குழந்தைகளுக்காகக் கூடும் தொகை சொற்பம். தனிக் காப்பிலோ ஒவ்வொரு குழந்தைக்கும் முழு விலை.

இப்போது அம்மாவைச் சேர்ப்போம். மூன்று வழிகள் இருக்கின்றன.

ஐவரையும் ஒரே ஃப்ளோட்டரில் போட்டால் 74,000. அம்மாவின் வயது முழு வீட்டின் விலையையும் தூக்கிவிடுகிறது. ஐந்து வயதுப் பையனுக்கும் அறுபத்து நான்கு வயதுக்காரரின் வரிசையில் விலை.

நால்வருக்கு ஃப்ளோட்டர், அம்மாவுக்குத் தனியாக ஒன்று என்றால் 22,000 கூட்டல் 34,000, ஆக 56,000.

ஐவருக்கும் ஒரே பாலிசியில் தனித்தனிக் காப்பு என்றால் கூட்டுத்தொகை 68,000. பத்து சதவீதம் கழிந்து 61,200.

இங்கே ஒரு விஷயம் தெரிகிறதா? நால்வரை மட்டும் பார்த்தபோது தனிக் காப்பு 8,600 ரூபாய் அதிகமாக இருந்தது. அம்மாவும் சேர்ந்த பிறகு வித்தியாசம் 5,200 ஆகச் சுருங்கிவிட்டது. அம்மாவின் 34,000-க்கும் பத்து சதவீதம் கழிவதால் கிடைக்கும் 3,400 ரூபாய்தான் அந்த மாற்றத்தைச் செய்கிறது. டிஸ்கவுன்ட் எப்போதும் வீட்டில் அதிக விலை உள்ளவர் மேல்தான் நன்றாக வேலை செய்யும். உங்கள் வீட்டில் பெரியவர் இருந்தால் அவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை கணக்குப் போடுங்கள்.

இதோடு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்காக அம்மாவுக்கு லோடிங் என்று கூடுதல் பிரீமியம் போட்டால் அது யாருடைய பிரீமியத்தின் மேல் ஏறும்? தனிக் காப்பில் அவருடைய 34,000 மேல் மட்டும் ஏறும். 25 சதவீதம் என்றால் 8,500. ஐவர் ஃப்ளோட்டரில் மொத்தப் பிரீமியத்தின் மேல் ஏற்றும் திட்டமாக இருந்தால் அதே 25 சதவீதம் 18,500 ஆகிவிடும். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு கழிவு, ஆன்லைனில் வாங்கினால் ஒரு கழிவு என்று வேறு சிலவும் வரும். அவை ஃப்ளோட்டருக்கும் கிடைக்கும் என்பதால் ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள்.

படி 4: அந்தக் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது?

ஏஜென்ட் கொடுத்த தாளில் "மொத்தக் காப்பு 50 லட்சம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஐந்து பேர், ஆளுக்குப் பத்து லட்சம், ஆக 50 லட்சம் என்று கூட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளில் என் மனதை மிகவும் உறுத்திய வரி அதுதான். ஒருவருக்கு 18 லட்சம் செலவானால் இந்த 50 லட்சத்தில் அவருக்குக் கிடைப்பது பத்து லட்சம் மட்டுமே. முன்னால் மறக்க வேண்டாம் என்று சொன்னேனே, ஒருவர் காப்பின் மிச்சத்தை இன்னொருவர் எடுக்க முடியாது என்று. இதுதான் அது.

அப்படியென்றால் தனிக் காப்புக்குக் கூடுதலாகக் கட்டும் பணம் எப்போது பயன்படும்? ஒரே ஆண்டில் இருவரோ மூவரோ படுத்து, எல்லாருடைய செலவும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டும்போது. அது நடக்காது என்று சொல்லமாட்டேன். 2021-இல் கொரோனா இரண்டாவது அலையில் அப்பாவும் மகனும் ஒரே வாரத்தில் அட்மிட் ஆன வீடுகளைப் பார்த்தோம். குடும்பத்தோடு போன கார் விபத்துக்குள்ளானால் எல்லாருக்கும் ஒரே நாளில் செலவு. ஃப்ளோட்டரின் உண்மையான பலவீனம் இந்த இடம்தான்.

இதற்கு மருந்தாக ரெஸ்டோர் வசதியைச் சொல்வார்கள். காப்புத்தொகை தீர்ந்தால் அதே அளவு மறுபடி நிரப்பித்தருவார்கள். நல்ல வசதிதான், ஆனால் விதியைப் படியுங்கள். முழுவதும் தீர்ந்த பிறகுதான் நிரப்புவார்களா, ஓரளவு செலவானாலே நிரப்புவார்களா? முதல் க்ளைமுக்கே நிரப்பிய தொகையை எடுக்கலாமா, அடுத்த க்ளைமுக்குத்தானா? ஒருவருக்கு வந்த அதே நோய் இன்னொருவருக்கு வந்தால் கிடைக்குமா? ஓரளவு செலவானாலே நிரப்பி, வேறொருவரின் எந்தச் சிகிச்சைக்கும் தரும் திட்டமாக இருந்தால் ஃப்ளோட்டரின் பலவீனம் பெருமளவு அடைபட்டுவிடும். அந்த ஃப்ளோட்டரை விட்டுவிட்டுத் தனிக் காப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

இளம் குடும்பத்தை அதிகம் ஆட்டிப்பார்ப்பது இருவர் ஒரே ஆண்டில் படுப்பதைவிட ஒருவருக்கே வரும் பெரிய செலவு. புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று, நீண்ட நாள் ஐ.சி.யூ. இதற்குத் தனித்தனிக் காப்பு உதவாது. சூப்பர் டாப்-அப் உதவும். நால்வருக்கும் ஃப்ளோட்டர் வகையில், பத்து லட்சம் டிடக்டிபிளோடு ஒரு சூப்பர் டாப்-அப் எடுத்தால், ஓர் ஆண்டில் வீட்டின் மொத்த மருத்துவச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டியதும் அது கொடுக்கத் தொடங்கும். ஒருவரால் தாண்டினாலும் சரி, மூவரால் தாண்டினாலும் சரி. டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. வெறும் டாப்-அப்பில் ஒவ்வொரு அட்மிஷனும் தனியாக அந்த எல்லையைத் தாண்ட வேண்டும். மாப்பிள்ளைக்குத் தனிக் காப்பால் கூடியிருக்க வேண்டிய 5,200 ரூபாயை அப்படியே இதற்குத் திருப்பிவிடச் சொன்னேன்.

காப்புத்தொகையைக் குறைத்துத் தனிக் காப்பின் விலையை ஃப்ளோட்டருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து காட்டுவதும் நடக்கும். ஆளுக்கு ஐந்து லட்சம் தனிக் காப்பு, டிஸ்கவுன்ட் போக நால்வருக்கு 23,700 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். பத்து லட்சம் ஃப்ளோட்டர் 22,000. "கொஞ்சம்தான் அதிகம், ஆனால் மொத்தம் இருபது லட்சம்" என்பார்கள். உண்மையில் ஒவ்வொருவருடைய எல்லையும் பாதியாகிவிட்டது. இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. அறை வாடகைக்குக் காப்புத்தொகையில் ஒரு சதவீதம் என்று எல்லை வைத்த திட்டங்களில், பத்து லட்சம் ஃப்ளோட்டரில் நாளுக்கு 10,000 ரூபாய் அறை கிடைக்கும். ஐந்து லட்சம் தனிக் காப்பில் 5,000 தான். 8,000 ரூபாய் அறையில் தங்கினால் அறை வாடகையின் வித்தியாசத்தோடு போகாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். மருந்து, பொருத்தும் கருவிகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றுக்கு இந்த வெட்டு பொருந்தாது. இருந்தாலும் கையிலிருந்து போகும் தொகை நோகும்.

படி 5: இருபது வருஷம் தள்ளிப் பாருங்கள்

இன்றைய விலைக்குச் சரியான முடிவு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு சரியாக இருக்காது. அதே அட்டவணையில் வயதை மட்டும் நகர்த்திப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு 58, தங்கைக்கு 55 ஆகும்போது பிள்ளைகள் இருவரும் பாலிசியை விட்டு வெளியேறியிருப்பார்கள். இன்றைய விலையிலேயே அந்த வயதுக்கான வரிசையைப் படித்தால் இருவர் ஃப்ளோட்டர் 42,000, தனிக் காப்பு 27,000-மும் 22,000-மும் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். கூட்டினால் 49,000. இருவர் என்பதால் 5 சதவீதம் கழிந்து 46,550. வித்தியாசம் 4,550 ரூபாய்தான்.

அந்த வயதில் இந்த 4,550 ரூபாயின் பொருள் வேறு. இருவருக்கும் க்ளைம் வரும் வாய்ப்பு கூடியிருக்கும் காலம் அது. கணவருக்கு ஸ்டென்ட் வைத்த அதே ஆண்டில் மனைவிக்கு மூட்டு மாற்று நடப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. க்ளைம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ க்ளைம் போனஸும் இங்கே கணக்கில் வரும். க்ளைம் வந்தால் போனஸ் குறையும் திட்டமாக இருந்தால், ஃப்ளோட்டரில் ஒருவர் க்ளைம் செய்தாலும் வீட்டுக்கே குறையும். தனிக் காப்பில் க்ளைம் செய்தவருக்கு மட்டும் குறையும், மற்றவருடைய போனஸ் ஏறிக்கொண்டே போகும். இருவர் மட்டும், இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது, வயது இடைவெளி அதிகம் என்றால் நான் தயங்காமல் தனிக் காப்பைத்தான் சொல்வேன்.

வயது இடைவெளி ஏன் என்றால், கணவருக்கு 58, மனைவிக்கு 46 என்று இருந்தால் ஃப்ளோட்டரில் மனைவிக்கும் 58-இன் வரிசை. தனிக் காப்பில் அவருடைய சொந்த வயதுக்குரிய விலை. பன்னிரண்டு வருஷ இடைவெளியில் டிஸ்கவுன்ட் இல்லாமலேயே தனிக் காப்பு ஃப்ளோட்டரை எட்டிப்பிடித்துவிடலாம்.

படி 6: படிவத்தில் எழுதுவதும் ஷெட்யூலில் சரிபார்ப்பதும்

அம்மாவின் சர்க்கரையைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு க்ளைம் கிடைக்காத காத்திருப்புக் காலம் இப்போதைய விதிப்படி அதிகபட்சம் மூன்று வருஷம்தான். நோயை மறைத்து, க்ளைம் நேரத்தில் பழைய மருந்துச் சீட்டு வெளிவந்தால் பாலிசியே ரத்தாகலாம். பல உறுப்பினர் பாலிசியில் ஒருவர் விவரம் தவறு என்றால் மற்றவர்களுக்கும் தேவையில்லாத இழுபறி. அம்மாவைத் தனிப் பாலிசியில் வைக்க நான் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவருக்கு நாளைக்கு வேறு திட்டம் பொருத்தமாகத் தெரிந்தால் மற்ற நால்வரையும் தொடாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 3,400 ரூபாய்க் கழிவுக்காக அந்தச் சுதந்திரத்தை விட மனம் வரவில்லை.

வரிச் சலுகையிலும் தனிப் பாலிசி வசதி. பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத் தன் குடும்பத்துக்கு 25,000 வரையிலும், அறுபதைக் கடந்த பெற்றோருக்கு 50,000 வரையிலும் தனித்தனியாகக் கழிவு உண்டு. நால்வர் ஃப்ளோட்டர் 22,000, அம்மாவுடையது 34,000. இரண்டும் அதனதன் எல்லைக்குள் அடங்குகின்றன. எல்லாரையும் ஒரே ஃப்ளோட்டரில் போட்டால் அம்மாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வேலை கூடும். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது, அவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பாலிசி கைக்கு வந்ததும் முப்பது நாள் ஃப்ரீ லுக் காலம் உண்டு. அதற்குள் ஷெட்யூலைத் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள். ஃப்ளோட்டரா, இன்டிவிஜுவலா என்று எழுதியிருக்கும். தனிக் காப்பு என்றால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் தனித் தொகை இருக்க வேண்டும், மேலே ஒரே ஒரு தொகை மட்டும் இருந்தால் உங்களுக்கு ஃப்ளோட்டரை எழுதிவிட்டார்கள். பிரீமியக் கணக்குப் பகுதியில் பல உறுப்பினர் டிஸ்கவுன்ட் ரூபாயாகத் தெரிய வேண்டும். பிறந்த தேதிகள் சரியாக இருக்க வேண்டும், ஒரு வருஷம் தவறினாலும் வயது வரிசை மாறிவிடும். நோய் விவரம் படிவத்தில் நீங்கள் சொன்னபடியே ஏறியிருக்க வேண்டும். எது தவறாக இருந்தாலும் அந்த முப்பது நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். சரிசெய்யவில்லை என்றால் பாலிசியைத் திருப்பிக்கொடுத்துவிடலாம். ரிஸ்க் இருந்த நாட்களுக்கான பங்கும் மருத்துவப் பரிசோதனைச் செலவும் முத்திரைக் கட்டணமும் கழித்து மீதி வரும்.

படி 7: ஃப்ளோட்டரிலிருந்து தனிக் காப்புக்கு மாறும் நாள்

பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன், அதை எப்படி என்றும் சொல்ல வேண்டும். ஃப்ளோட்டரைக் காலாவதியாக விட்டுவிட்டுப் புதிதாகத் தனிக் காப்பு வாங்காதீர்கள். அப்படிச் செய்தால் காத்திருப்புக் காலமெல்லாம் முதலிலிருந்து ஓடும். அதே நிறுவனத்துக்குள் மாறுவதற்கு மைக்ரேஷன் என்றும், வேறு நிறுவனத்துக்குப் போவதற்குப் போர்ட்டபிலிட்டி என்றும் பெயர். இரண்டிலும் நீங்கள் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் பழைய காப்புத்தொகை அளவுக்குக் கூடவே வரும். தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு மட்டும் புதிதாகக் காத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள். ஒவ்வொருவர் பெயரிலும் முதன்முதலில் காப்பு தொடங்கிய தேதி புதிய ஷெட்யூலில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, விவரம் சொல்லவில்லை என்று க்ளைமை மறுக்க முடியாது என்ற பாதுகாப்பும் அந்தத் தேதியைப் பிடித்துத்தான் கணக்காகும்.

பிள்ளைகளுக்கும் இதே வேலை வரும். பெரும்பாலான ஃப்ளோட்டர்களில் 25 வயது வரைதான் பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். அந்த வயதில் ஃப்ளோட்டரிலிருந்து நேராகத் தனிக் காப்புக்கு மாற்றிவிட்டால் சிறுவயதிலிருந்து கட்டிய தொடர்ச்சி அவர்களோடு போகும். விட்டுவிட்டால் வேலை, கல்யாணம் என்று மூன்று வருஷம் காப்பே இல்லாமல் ஓடிவிடும்.

மாப்பிள்ளை நால்வருக்கும் ஃப்ளோட்டர், அம்மாவுக்குத் தனிப் பாலிசி, அதற்கு மேல் நால்வருக்கும் சூப்பர் டாப்-அப் என்று எடுத்தார். போன மாதம் ஷெட்யூலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். மகள் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன. மறுநாளே திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். திருத்திய ஷெட்யூல் வரும்வரை அந்த மின்னஞ்சலின் பதிவு எண்ணைப் பாலிசித் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.